சிம்பாங் அம்பாட் ஏர்கோன் டெக்னீஷியனின் ரெசுமே: எதை எழுதுவது, எதை நம்புவது

செபராங் பிறையின் தென்பகுதியில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டைச் சுற்றி ஏர்கோன் தொழிலுக்கு இரண்டு சந்தைகள் உண்டு. ஒன்று, தாமான் வீடுகளும் கடை வரிசைகளும். அங்கே சுவரில் மாட்டும் ஒரு குதிரைத்திறன், ஒன்றரைக் குதிரைத்திறன் யூனிட்டுகள்தான் அதிகம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும், வேன் போகும், வேலை முடிந்ததும் பணம் கைக்கு வரும். இன்னொன்று, சில கிலோமீட்டர் தள்ளி பத்து காவானிலும் புக்கிட் மின்யாக்கிலும் இருக்கும் தொழிற்சாலைகள். 2014-இல் இரண்டாவது பினாங்குப் பாலம் திறந்த பிறகு, எண்ணெய்ப்பனைத் தோட்டமாக இருந்த பத்து காவான் மைக்ரான், ஜேபில், போஷ் போன்ற பெரிய பெயர்களின் இடமாகிவிட்டது. அங்கே சில்லர், கூலிங் டவர், ஏஎச்யு, விஆர்எஃப் என்று எல்லாமே பெரிய சாதனங்கள். வேலை ஒப்பந்தத்தின்படி நடக்கும், ஒவ்வொன்றுக்கும் தாளில் கணக்கு இருக்கும்.

முதல் சந்தையில் ரெசுமே யாருக்கும் தேவைப்படுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் போதும். இரண்டாவது சந்தையின் வாசலைத் தாண்ட ரெசுமேயைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் வீட்டு வேலையில் ஏழெட்டு வருடம் ஊறிய ஒருவர், தொழிற்சாலைப் பராமரிப்பு கம்பெனியில் சேர நினைக்கும் நாளில்தான் முதன்முதலாக ரெசுமே எழுத உட்காருகிறார். எழுதி முடித்தால் பெரும்பாலும் இப்படி வருகிறது: “எட்டு வருட அனுபவம். எல்லா வகை ஏர்கோன் சர்வீஸ், இன்ஸ்டலேஷன், கேஸ் டாப்-அப் தெரியும். கடினமாக உழைப்பேன்.” இதை வாசிக்கும் சூப்பர்வைசருக்கு இவரைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. வாசிக்கிறவருக்கு என்ன தெரிய வேண்டும், எழுதுகிறவர் அதை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் சாதனங்களை எடுத்துக்கொள்வோம். “எல்லா வகை ஏர்கோன்” என்று எழுதியிருந்தால், தொழில் தெரிந்தவர் உடனே சந்தேகப்படுவார். சுவர் யூனிட்டைக் கழற்றிக் கழுவுகிற கை வேறு, மூன்று ஃபேஸ் சில்லரின் ஸ்டார்ட்டர் பேனலைத் திறந்து பார்க்கிற கை வேறு. ஒவ்வொரு வகைக்கும் மூன்று விவரம் எழுதினால் போதும்: எவ்வளவு பெரியது, எந்த கேஸ் ஓடுகிறது, அதில் நான் செய்தது என்ன.

அளவைச் சொல்லும்போது ஒரு சிறிய சிக்கல் வரும். மலேசியாவில் வீட்டு யூனிட்டைக் குதிரைத்திறனில் சொல்கிறோம், தொழிற்சாலையில் டன்னில், அதாவது ஆர்.டி. கணக்கில் சொல்கிறார்கள். கடைப் பேச்சில் ஒரு குதிரைத்திறன் என்பது மணிக்கு ஏறக்குறைய 9,000 பிடியு. ஒரு ஆர்.டி. என்பது 12,000 பிடியு, அதாவது சுமார் 3.5 கிலோவாட். ஆக, வீட்டில் பார்க்கும் ஒன்றரைக் குதிரைத்திறன் யூனிட்தான் ஏறத்தாழ ஒரு ஆர்.டி. இது தெரியாமல் ரெசுமேயில் “300 எச்பி சில்லர்” என்று எழுதுகிறவர்கள் உண்டு. சில்லர் பக்கத்தில் நின்றவர் 300 ஆர்.டி. என்றுதான் சொல்வார். இந்த ஒரே சொல், எழுதியவர் சில்லர் அறைக்குள் வேலை செய்தாரா, வாசலில் நின்று பார்த்தாரா என்பதைக் காட்டிவிடும்.

அளவை விட முக்கியமானது, செய்த வேலை என்ன என்பது. சில்லரில் வேலை செய்தேன் என்றால் பல அர்த்தம் உண்டு. ஷிஃப்டில் நின்று நீரின் வெப்பநிலை, அழுத்தம், ஆம்பியர் எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதியவரும் இதே சொல்லைச் சொல்லலாம். கண்டென்சர் குழாய்களை வருடத்துக்கொரு முறை பிரஷ் போட்டுக் கழுவியவரும் சொல்லலாம். கம்ப்ரெசரைத் திறந்து பேரிங் மாற்றும் குழுவில் இருந்தவரும் சொல்லலாம். மூன்றுமே மதிப்புள்ள வேலைதான். லாக் எழுதியவர் அதை அப்படியே எழுதினாலே அவருக்கு வேலை கிடைக்கும், ஏனென்றால் தொழிற்சாலைகளில் தொடக்க நிலை ஆளுக்கு முதலில் கொடுப்பது அந்த வேலையைத்தான். அதையே “சில்லர் ஓவர்ஹால்” என்று எழுதி வைத்தால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

வீட்டுச் சந்தையிலிருந்து வருகிறவருக்கு சில்லர் அனுபவம் இருக்காது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவரிடம் இருப்பது வேறு: நூற்றுக்கணக்கான ஸ்ப்ளிட் யூனிட், கடைகளில் கேசட், சில நேரம் மீன் கடை, இறைச்சிக் கடைகளின் குளிர் அறை. கடல் உணவுக் கடைகளுக்குப் பெயர்போன புக்கிட் தம்பூன் பக்கத்திலேயே இருக்கிறது. கழித்தல் 18 டிகிரியில் ஓடும் குளிர் அறையைப் பராமரித்தவரிடம், ஏர்கோன் மட்டும் பார்த்தவரிடம் இல்லாத அனுபவம் இருக்கிறது. டிஃப்ராஸ்ட் ஹீட்டர், டைமர், கதவு கேஸ்கெட், பனி கட்டிய எவாப்பரேட்டர் காயில் எல்லாம் அவருக்குப் பழக்கம். தொழிற்சாலை கேன்டீனின் குளிர்பதன அறைக்கும் ஆய்வகக் குளிர்பெட்டிக்கும் இந்த அனுபவம்தான் தேவை. இருந்தும் பலர் இதை ரெசுமேயில் எழுதுவதே இல்லை. ஏர்கோன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஃப்ரிட்ஜ் கதை எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்ஸ்டலேஷன் விஷயத்தில் எண்ணிக்கை கண்ணை ஏமாற்றும். “600 யூனிட் பொருத்தியிருக்கிறேன்” என்றால் பெரிதாகத் தெரியும். ஆனால் பொருத்துவதில் எந்தப் படியை யார் செய்தார்கள் என்பதில்தான் தொழில் இருக்கிறது. சுவரில் ஓட்டை போட்டு, ட்ரங்கிங் ஓட்டி, குழாயை இழுத்தவரும் அந்த 600-இல் பங்காளிதான். ஃப்ளேர் செய்து, டார்க் ரெஞ்சால் இறுக்கி, நைட்ரஜனில் அழுத்தம் வைத்து, வேக்யூம் போட்டு, கேஸ் திறந்துவிட்டவர் வேறொருவராக இருக்கலாம். ரெசுமே வாசிப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டாவது ஆள் நீங்களா என்பதுதான்.

இதை நிரூபிக்கச் சான்றிதழ் வேண்டியதில்லை. கருவியின் பெயரும் அது காட்டிய அளவும் போதும். வேக்யூம் விஷயத்தைப் பாருங்கள். சாதாரண மேனிஃபோல்டு கேஜின் நீல முள் கழித்தல் 30-க்கு இறங்கிவிட்டால் வேக்யூம் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்த முள்ளால் குழாயில் இன்னும் ஈரம் இருக்கிறதா என்று காட்ட முடியாது. மைக்ரான் கேஜ் வைத்து 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை மூடி, அளவு எப்படி ஏறுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை. ஆர்-32, ஆர்-410ஏ யூனிட்டுகளில் இருக்கும் செயற்கை எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடும். அதனால் இது விட்டுவிடக்கூடிய படி அல்ல. “ஒவ்வொரு இன்ஸ்டலேஷனிலும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே இறக்கி, பிடிப்பு பார்த்தேன்” என்று ரெசுமேயில் ஒரு வரி இருந்தால், வாசிக்கும் பொறியாளர் அங்கே நின்று இரண்டாவது தடவை வாசிப்பார்.

விஆர்எஃப் மாதிரி நீளமான குழாய் வேலையில் இருந்தவர்கள் அழுத்தச் சோதனையைப் பற்றியும் எழுதலாம். மாடல் புத்தகம் சொல்லும் அழுத்தத்துக்கு, பெரும்பாலும் 600 பி.எஸ்.ஐ. அளவுக்கு, நைட்ரஜனை ஏற்றி 24 மணி நேரம் விட்டுவைப்பது வழக்கம். மறுநாள் முள் 10 பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால் புதியவர் பதறிப்போவார். அனுபவசாலி முதலில் வெப்பநிலையைப் பார்ப்பார். அந்த அழுத்தத்தில் ஒரு டிகிரி மாறினால் சுமார் 2 பி.எஸ்.ஐ. மாறும். மத்தியான வெயிலில் ஏற்றியதை மறுநாள் காலையில் ஐந்து டிகிரி குளிர்ச்சியில் பார்த்தால் 10 இறங்கியிருப்பது இயல்பு. இந்தக் கணக்கு தெரியாமல் குழாய் முழுவதும் சோப்பு நுரை தடவி நாளை வீணாக்கியவர்கள் உண்டு. நேர்காணலில் இப்படி ஒரு கேள்வி வந்தால் ரெசுமேயில் எழுதியதைத் தாங்கிப் பேச முடிய வேண்டும்.

குறிப்பாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று பிரேசிங். குழாயை ஒட்டும்போது உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. ஓடவிடாவிட்டால் உள்சுவரில் கறுப்புப் படலம் கட்டும், பிறகு அது உரிந்து எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். சிறிய ஸ்ப்ளிட்டில் இதன் பலன் தெரிய மாதங்கள் ஆகலாம். விஆர்எஃபில் கமிஷனிங் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது கேஸ். ரெசுமேக்களில் மிக அதிகமாகச் சொதப்பும் பகுதியும், சரியாக எழுதினால் மிக அதிகமாக உதவும் பகுதியும் இதுதான்.

ஏர்கோனில் கேஸ் செலவாகாது. மூடிய வட்டத்தில் அது சுற்றிச்சுற்றி வருகிறது, குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது. “கேஸ் டாப்-அப்பில் நிபுணர்” என்று ரெசுமேயில் எழுதுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்வதாக நினைப்பது ஒன்று, வாசிப்பவர் புரிந்துகொள்வது வேறொன்று. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் நிரப்பிவிட்டு வந்தவர் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். வீட்டுச் சந்தையில் டாப்-அப் என்பது வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் பொருள் மாதிரி ஆகிவிட்டது, அதில் டெக்னீஷியனை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர் அந்தச் சொல்லை ரெசுமேயிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அதன் இடத்தில் என்ன எழுதுவது? ஒரு எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீன் கடை ஒன்றின் குளிர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்-404ஏ ஓடும் கண்டென்சிங் யூனிட், தகட்டில் எழுதியிருக்கும் சார்ஜ் 4.5 கிலோ. அறை கழித்தல் 18-க்கு இறங்காமல் கழித்தல் 9-இலேயே நிற்கிறது. கம்ப்ரெசர் நிற்காமல் ஓடுகிறது, சைட் கிளாஸில் நுரை தெரிகிறது. அவசரக்காரர் சிலிண்டரை மாட்டி நுரை போகும்வரை ஏற்றிவிட்டுப் போய்விடுவார். ஒழுங்காகச் செய்கிறவர் எலக்ட்ரானிக் டிடெக்டரை எவாப்பரேட்டர் பக்கம் கொண்டுபோய், உப்புக் காற்று அரித்த காயிலின் வளைவில் எண்ணெய்க் கறையைப் பார்ப்பார். ரெக்கவரி மெஷினால் இருக்கிற கேஸை சிலிண்டருக்கு இழுத்து எடை போடுவார். 3.2 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். 4.5-இலிருந்து 3.2 போனால் 1.3 கிலோ. இதுவரை காற்றில் போன கேஸின் கணக்கு அதுதான். பிறகு காயிலைச் சரிசெய்து அல்லது மாற்றி, ஃபில்டர் ட்ரையரைப் புதிதாகப் போட்டு, நைட்ரஜனில் சோதித்து, வேக்யூம் போட்டு, கேஸை எடை போட்டு 4.5 ஏற்றுவார். ஆர்-404ஏ ஒரு கலவை என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுப்பார்.

இந்த வேலையை ரெசுமேயில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். “ஆர்-404ஏ குளிர் அறை: காயில் கசிவைக் கண்டுபிடித்து, 3.2 கிலோ மீட்டு, பழுது பார்த்து, எடை போட்டு 4.5 கிலோ ஏற்றினேன். அறை கழித்தல் 18-க்கு வந்தது.” நூறு டாப்-அப் எழுதியிருப்பவரின் ரெசுமேக்குப் பக்கத்தில் இதை வைத்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காற்றில் போன 1.3 கிலோவைச் சுற்றுச்சூழல் கணக்கில் மாற்றினால், ஆர்-404ஏயின் புவி வெப்ப எண் 3,922 என்பதால், ஐந்து டன் கார்பன் டையாக்சைடுக்குச் சமம். இப்போது பெரிய கம்பெனிகள் இந்தக் கணக்கை வருடாந்தர அறிக்கைக்காகக் கேட்கத் தொடங்கிவிட்டன. எத்தனை கிலோ ஏற்றினோம், எத்தனை கிலோ மீட்டோம் என்று சொல்லத் தெரிந்த ஒப்பந்தக்காரரைத் தேடுகிறார்கள். ஒப்பந்தக்காரருக்கு அதை எழுதிக்கொடுக்கும் டெக்னீஷியன் வேண்டும்.

பயிற்சிச் சான்றிதழ் இதற்கு அடுத்த இடம்தான். மலேசியாவில் குளிர்பதன வாயுக்களைக் கையாள்வதைச் சுற்றுச்சூழல் துறை, அதாவது ஜபாத்தான் ஆலாம் செகித்தார், 1999-இல் வந்த விதிமுறைகளிலிருந்து கண்காணித்துவருகிறது. அந்தத் துறை அங்கீகரித்த மையங்களில் நடக்கும் சி.எஸ்.டி.பி. என்ற சான்றளிக்கப்பட்ட சேவைத் தொழில்நுட்பர் பயிற்சி, கேஸ் மீட்பு, மறுபயன்பாடு, நல்ல சர்வீஸ் முறை ஆகியவற்றைச் சொல்லித்தருகிறது. ரெசுமேயில் இதை எழுதும்போது முழுப் பெயர், பயிற்சி மையம், முடித்த மாதம், சான்றிதழ் எண் நான்கும் இருக்க வேண்டும். “கேஸ் கோர்ஸ் படித்திருக்கிறேன்” என்பது எந்தப் பயனும் தராது. வாகன ஏர்கோனுக்கான பயிற்சி வேறு, கட்டட ஏர்கோனுக்கான பயிற்சி வேறு. எது உங்களுடையது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

வெளிநாட்டுச் சான்றிதழ்கள் இதை எப்படிப் பிரித்திருக்கின்றன என்று பார்த்தால் நமக்கும் ஒரு வழி கிடைக்கும். அமெரிக்காவில் 608-ஆம் பிரிவுச் சான்றிதழ் சிறிய சாதனங்கள், உயர் அழுத்தச் சாதனங்கள், குறைந்த அழுத்தச் சாதனங்கள் என்று தனித்தனியாகவும், எல்லாம் சேர்த்து யுனிவர்சல் என்றும் இருக்கிறது. ஐரோப்பாவின் வகைப்பாடு, எந்த வேலை, எவ்வளவு கேஸ் உள்ள சாதனம் என்று பிரிக்கிறது. இரண்டிலுமே “ஏர்கோன் தெரியும்” என்று பொதுவாகச் சொல்ல இடமில்லை. எந்தச் சாதனத்தில் எந்த வேலைக்குத் தகுதி என்பதுதான் அங்கே கேள்வி. நம் ஊர் ரெசுமேயும் அந்த மாதிரி பேசினால், சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போக நினைக்கும்போது மாற்றி எழுத வேண்டியிருக்காது.

எந்த கேஸில் கைப்பழக்கம் என்பதும் காலத்தைக் காட்டும். ஆர்-22 தெரிந்திருப்பது இன்னும் பயன்தான். பழைய யூனிட்டுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி மலேசியா போன்ற நாடுகள் இந்த வகை கேஸின் நுகர்வை 2025-இல் 67.5 விழுக்காடு குறைக்க வேண்டும். 2030-க்குப் பிறகு சர்வீஸுக்கென்று ஒரு சிறு அளவு மட்டும் 2040 வரை மிஞ்சும். சிறிய வீட்டு யூனிட்டுகளில் ஆர்-22 புதிதாக வருவது பல வருடங்களுக்கு முன்பே நின்றுவிட்டது. அதனால் 2022-இல் ஆர்-22 யூனிட் புதிதாகப் பொருத்தியதாக எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கேள்வி கேட்பார். கிகாலி திருத்தத்தை மலேசியா 2020-இல் ஏற்றுக்கொண்டதால், ஆர்-410ஏ உள்ளிட்ட அடுத்த தலைமுறை கேஸ்களும் 2024-இலிருந்து உச்ச அளவுக்கு மேல் போகாமல், 2029 முதல் படிப்படியாகக் குறைய வேண்டும். புதிய ஸ்ப்ளிட் யூனிட்டுகளில் இப்போது ஆர்-32 நிறைந்திருக்கிறது. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது. தீப்பற்றக்கூடிய கேஸ்களுக்கான பயிற்சியும் தீப்பொறி வராத கருவிகளோடு வேலை செய்த பழக்கமும் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

சான்றிதழ்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் இருந்தால் நிலை இரண்டா மூன்றா என்று குறிப்பிடுங்கள். பள்ளியை விட்டு நேராகத் தொழிலுக்கு வந்து, படிக்கப் போகாமல் கையால் கற்றுக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பி.பி.டி. என்ற முன்னனுபவ அங்கீகாரத்தில், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் திரட்டிக் கோப்பாகக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் தேறினால் எஸ்.கே.எம். வாங்கலாம். அந்தக் கோப்புக்கு வேண்டிய ஆதாரங்களும் நல்ல ரெசுமேக்கு வேண்டிய ஆதாரங்களும் ஒன்றேதான்: ஜாப் ஷீட், வேலைப் படங்கள், முதலாளியின் கடிதம். ஒன்றைத் தயாரித்தால் மற்றதும் பாதி முடிந்தது. கட்டுமான இடத்துக்குப் போக சி.ஐ.டி.பி. பச்சை அட்டை வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பில் கைவைப்பதாக எழுதினால் எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லாவிட்டால், அந்தச் சான்றிதழ் உள்ளவரின் கீழே வேலை செய்தேன் என்று எழுதுவதுதான் பாதுகாப்பு.

கடைசியாக ஒப்பந்த அனுபவம். வீட்டுச் சந்தையிலிருந்து வருகிறவர்கள் தங்களிடம் இது இல்லை என்று நினைத்து வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடம், கிளினிக், வங்கிக் கிளை, சூராவ், அரிசி ஆலை அலுவலகம் என்று ஏதாவது ஒன்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்வந்திருந்தால் அதுவும் சர்வீஸ் ஒப்பந்தம்தான். அதை எழுதும் முறை மட்டும் வேறு.

ஒரு அலுவலகக் கட்டடத்தில் 60 யூனிட், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் என்று கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 240 சர்வீஸ். இரண்டு பேர் கொண்ட குழு நாளுக்கு ஆறு யூனிட் செய்தால் 40 வேலை நாள். இதற்கு நடுவே பழுதுக்காக வந்த அழைப்புகள் 34 என்று வைத்துக்கொள்வோம். அந்த 34-இல் எத்தனை, அதே யூனிட் அதே குறை என்று ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தவை என்று பார்க்க வேண்டும். முதல் வருடம் ஒன்பது, அடுத்த வருடம் மூன்று என்றால், டெக்னீஷியனின் தரத்தைச் சொல்ல இதைவிட நல்ல எண் வேறு இல்லை. தண்ணீர் சொட்டுகிறது என்று அழைத்தார்கள், ட்ரெயின் குழாயை ஊதிவிட்டு வந்தோம், பத்து நாளில் மறுபடி சொட்டியது என்பது திரும்பி வந்த அழைப்பு. ட்ரெயினின் சரிவு தவறாக இருந்ததைப் பார்த்து குழாயை மாற்றிக் கட்டினோம், அழைப்பு நின்றது என்பது அனுபவம். ரெசுமேயில் இரண்டாவதை எழுத வேண்டும், எண்ணோடு.

ஒப்பந்தத்தின் வகையும் முக்கியம். உழைப்பு மட்டுமா, உதிரிப்பாகமும் சேர்த்ததா? உதிரிப்பாகம் சேர்ந்த ஒப்பந்தத்தில் தேவையில்லாமல் கெப்பாசிட்டரையோ பிசிபி போர்டையோ மாற்றினால் நஷ்டம் கம்பெனிக்கு. ஆகவே அதில் வேலை செய்தவருக்குக் குறையை அளந்து கண்டுபிடிக்கும் பழக்கம் வந்திருக்கும். எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததா, இரவு அழைப்பு உண்டா, சர்வர் அறை இருந்ததா என்பதையும் எழுதலாம். தொழிற்சாலையில் வெப்பநிலை ஏறினால் உற்பத்தி நிற்கும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து போன அனுபவம் அங்கே விலைமதிப்புள்ளது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலைகளில் வேலை செய்த பலர் உள்ளே எடுத்த படங்களையும் வாடிக்கையாளர் பெயரையும் அப்படியே ரெசுமேயில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான தொழிற்சாலைகள் ஒப்பந்தக்காரரிடம் இரகசிய உறுதிமொழி வாங்குகின்றன. புதிய முதலாளி அந்தப் படங்களைப் பார்த்ததும், நாளைக்கு நம் வாடிக்கையாளரையும் இப்படித்தான் வெளியே போடுவார் என்று நினைத்து ரெசுமேயை மூடி வைப்பார். “பத்து காவானில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, 4 ஏஎச்யு, மாதாந்தரப் பராமரிப்பு” என்றாலே போதும். அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் முழுதாகப் போட வேண்டாம். ஊர் பெயர், கைப்பேசி எண், ஓட்டுநர் உரிமத்தின் வகை இவை மட்டும் தேவை. வேனை ஓட்டத் தெரிந்தவரா என்று நிச்சயம் கேட்பார்கள்.

இத்தனையையும் இரண்டு பக்கத்துக்குள் கொண்டுவர முடியும். முதல் பக்கத்தின் மேல்பாதியில் நான்கு வரி: எந்தச் சாதனங்களில், எந்த அளவில், எந்த கேஸில், எந்த வகை ஒப்பந்தத்தில் வேலை. அதன் கீழே வேலை செய்த இடங்கள், கடைசியில் சேர்ந்தது முதலில். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வரிகளுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு வரியிலும் ஒரு சாதனமோ எண்ணோ இருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் பயிற்சியும் சான்றிதழ்களும் சொந்தக் கருவிகளும். சொந்தமாக மைக்ரான் கேஜும் ரெக்கவரி மெஷினும் வைத்திருப்பவர் என்றால் அதைக் கண்டிப்பாக எழுதுங்கள், கருவியில் பணம் போட்டவர் வேலையை எப்படிச் செய்வார் என்று வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் எழுதலாம், மலாயிலும் எழுதலாம். சாதனப் பெயர்களும் அளவுகளும் எந்த மொழியிலும் ஒன்றுதான், தவறில்லாமல் இருந்தால் போதும்.

எழுதுவதற்கு ஆதாரம் இல்லையே என்பதுதான் இதில் உண்மையான தடை. ஜாப் ஷீட்டின் வெள்ளைத் தாள் வாடிக்கையாளரிடம் போகிறது, நகல் முதலாளியின் அலமாரியில் இருக்கிறது, டெக்னீஷியனின் கையில் ஒன்றும் இல்லை. எட்டு வருடத்துக்குப் பிறகு நினைவிலிருந்து எண்களை எழுதினால் அது ஊகமாகத்தான் இருக்கும், ஊகத்தை நேர்காணலில் யாராவது சோதித்துவிடுவார்கள். மாத முடிவில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து வரி எழுதி வைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை: எத்தனை யூனிட், என்ன வகை, எத்தனை கிலோ ஏற்றியது, எத்தனை கிலோ மீட்டது, எத்தனை அழைப்பு திரும்பி வந்தது.

சிறிய ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஐந்து வருடம் வேலை செய்து வேறு இடத்துக்குப் போகும் தம்பிக்கு “நல்லவர், ஒழுக்கமானவர்” என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்து அனுப்பாதீர்கள். ஜாப் ஷீட் அலமாரியைத் திறந்து, அவர் பொருத்திய யூனிட்டுகளின் வகையும் எண்ணிக்கையும், பார்த்த ஒப்பந்தங்களும், கையாண்ட கேஸும், அவர் முடித்த பயிற்சியும் ஒரே பக்கத்தில் எழுதி, கம்பெனி முத்திரையோடு கொடுங்கள்.